மூன்றாவது வரியில் பன்னிரண்டு

பணிமனையில் எனக்குச் 'சொட்டு' என்று பெயர். நேரில் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சொட்டு. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. ஒரு சொட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்ச் சண்டை போடுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

என் தம்பிக்கும் அங்கேதான் வேலை. அவனுக்குப் பெயர் 'ஃபில்டர்'. லாரி அளவுக்கு இருக்கும் ஒரு வடிகட்டும் மெஷினை இழுத்துக்கொண்டு சப்-ஸ்டேஷன் சப்-ஸ்டேஷனாகப் போவான். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் எண்ணெயைச் சூடாக்கி, காற்றில்லாத தொட்டிக்குள் மழைபோல் விழவிட்டு, அதிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி எடுத்து, திரும்ப உள்ளே அனுப்பும் மெஷின் அது. அவன் உலர்த்துவான், நான் உலர்ந்ததா என்று சொல்வேன். என் சீட்டில் பத்துக்குக் கீழே எண் வந்தால்தான் புதிய டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்சாரத்தை விடுவார்கள். பத்து லட்சம் பங்கு எண்ணெயில் பத்துப் பங்கு தண்ணீர், பத்து பிபிஎம் என்போம், அவ்வளவுதான் சலுகை. ஈரமான எண்ணெய் மின்சாரத்தைத் தாங்காது. தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். தம்பி ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறான், அதைப் பற்றி அவன் பேசுவதில்லை.

அவனிடம் ஒரு வேண்டாத பழக்கம் உண்டு. சுவிட்சைப் போடும்போது எல்லோரும் கன்ட்ரோல் ரூமுக்குள் போய்விடுவார்கள். இவன் மட்டும் வெளியே கம்பி வேலியோரம் நிற்பான். உலர்த்தியவன் தன் காதால் அந்த முதல் ரீங்காரத்தைக் கேட்க வேண்டுமாம். எத்தனையோ முறை திட்டிப் பார்த்துவிட்டேன். அவன் பெண்டாட்டியும் திட்டிப் பார்த்துவிட்டாள். காதில் போட்டுக்கொண்டால்தானே.

அந்தப் புதன்கிழமை தண்ணீர் எத்தனை பங்கு என்று நான் காலையிலேயே சீட்டு கொடுத்துவிட்டேன். எட்டரை. மாலை நாலு மணிக்கு சார்ஜ் பண்ணுவதாக, அதாவது புது டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்சாரத்தை விடுவதாக ஏற்பாடு. பழைய டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, பாதி ஊர் மூன்று நாளாக முறை வைத்துத்தான் மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்தது. மேனேஜருக்கு நிமிஷத்துக்கு ஒரு போன். அதனால் எட்டரை என்று நான் சொன்னதும் அவர் கிட்டத்தட்ட என் காலில் விழுந்துவிட்டார்.

பன்னிரண்டரைக்குத் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, எட்டரையா? நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன். ஏன்?"

"இல்ல, தொட்டிக் கண்ணாடி வழியாப் பாத்தா இன்னும் நுரைக்குது. இவ்ளோ பெரிய டேங்க்கு ரெண்டு நாள்ல காய்ஞ்சதா சரித்திரமே இல்ல. எனக்கு என்னமோ..."

எனக்குச் சுள்ளென்று வந்தது.

"உன் நுரைக்கு எத்தன பிபிஎம்? அதுக்கு சர்டிபிகேட் எதாவது வச்சிருக்கியா?"

"கோவப்படாதக்கா. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற வேலையெல்லாம் வீட்ல வச்சுக்க. போய்ச் சாப்பிடு."

போனை வைத்த பிறகும் ஆறவில்லை. மேஜைமேல் அவன் பெண்டாட்டி கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பை இருந்தது. தினமும் இரண்டு டப்பா கட்டுவாள், ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. என்னுடையதைத் திறக்கவில்லை. முதலில் அவன் வாயை அடைக்க வேண்டும் என்று தோன்றியது. தண்ணீர் அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவமான ஸ்டாண்டர்டை இன்னொரு முறை மெஷினில் போட்டு, அந்தச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

என் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டைட்ரேட்டர் என்பது பார்வைக்கு ஒன்றுமே இல்லை. பெரிய ஊறுகாய் ஜாடி அளவில் ஒரு கண்ணாடிப் பாத்திரம், உள்ளே வெளிர் மஞ்சள் திரவம், அடியில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் காந்தத் துண்டு. மேலே ஒரு ரப்பர் மூடி, ஊசியை அதன் வழியாகக் குத்தித்தான் எண்ணெயை உள்ளே விட வேண்டும். திரவத்துக்குள் மின்சாரம் பாயும்போது அயோடின் பிறக்கும். ஒவ்வொரு அயோடின் மூலக்கூறும் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு மறையும். பிடிக்கத் தண்ணீர் இல்லை என்றால் அயோடின் மிஞ்சும். அது மிஞ்சிய கணத்தில் உள்ளே இருக்கும் ஒரு ஜோடி பிளாட்டினக் கம்பி கண்டுகொண்டு 'போதும்' என்று நிறுத்திவிடும். எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதைக் கணக்கிட்டால் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துவிடும். இந்த மெஷின் தண்ணீரை நிறுப்பதில்லை. எண்ணுகிறது. இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் இதை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஆனால் காற்றும் சும்மா இருக்காது. அறைக்காற்றில் ஈரம், கண்ணாடிச் சுவரில் ஈரம், என் மூச்சில் ஈரம். எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். மெஷினும் விடாமல் அதைத் தின்றுகொண்டே இருக்கும். நிமிஷத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அந்தக் கசிவைத் திரையில் காட்டும். அதைத்தான் ட்ரிஃப்ட் என்போம். ஐந்துக்குக் கீழே இருந்தால் நல்ல ஆரோக்கியம். எண்ணெயை அளந்து முடித்ததும், அளக்க ஆன நேரத்தில் எவ்வளவு கசிந்திருக்கும் என்று பெருக்கி, வந்த கணக்கிலிருந்து கழித்துவிடும். கழித்த பிறகு மிஞ்சுவதுதான் எண்ணெயின் தண்ணீர்.

அன்று திரையில் ட்ரிஃப்ட் மூன்று. மணி மணியாக மூன்று.

ஸ்டாண்டர்டு எங்கிருந்தோ சான்றிதழோடு வரும் சின்னக் கண்ணாடிக் குப்பி, ஆம்ப்யூல். ஒரு கிராம் திரவத்தில் தண்ணீர் 1.003 மில்லிகிராம் என்று சான்றிதழில் போட்டிருந்தது. மெஷின் அதை அதே அளவாகச் சொல்கிறதா என்று தினம் ஒருமுறை பார்க்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழிலிருந்து நூற்று மூன்று வரை வந்தால் பாஸ். குப்பியை லேசாகக் குலுக்கி, கழுத்தை ஒடித்து, முதல் கொஞ்சத்தை ஊசிக்குள் இழுத்துக் கழுவிக் கொட்டினேன். பிறகு மிச்சத்தை இழுத்து, ஊசியோடு தராசில் வைத்து எடை பார்த்து, ரப்பர் வழியாக ஒரு கிராம் போல விட்டு, ஊசியை மறுபடி எடை போட்டேன். வித்தியாசம்தான் உள்ளே போன எடை. மூன்று நிமிஷம் காத்திருந்தேன். எண்ணெய்க்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர் வெளியே வர நேரம் வேண்டும் என்பதற்காக, எதை அளந்தாலும் குறைந்தது மூன்று நிமிஷம் என்று நான்தான் மெஷினில் போட்டு வைத்திருக்கிறேன்.

97.3.

பாஸ். படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் அன்றைக்கு இரண்டாவது புள்ளியாக வைக்க எழுந்தேன். தினம் ஒரு புள்ளி வைப்போம். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு, நடுவில் நூறு. இரண்டு சிவப்புக்கும் நடுவில் இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பேனாவை வைக்கப் போனவள் அப்படியே நின்றேன். வழக்கமாக ஒரு புள்ளியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன், பக்கத்துப் புள்ளியைப் பார்ப்பதில்லை. பசியோ கோபமோ, அன்று பார்த்தேன். 97.4, 97.2, 97.5, 97.3. பின்னோக்கிப் போனால் அதேதான். பதினோரு நாளாக எல்லாப் புள்ளிகளும் கீழ்ச் சிவப்புக் கோட்டை ஒட்டி, பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பவர்கள்போல் நின்றன. அதற்கு முந்தைய வாரம் முழுக்க 99.8, 100.1, 100.2. நடுவில் படிக்கட்டு இறங்கியதுபோல ஒரே நாளில் இறக்கம். கண்ணாடியே இல்லாமல் பார்க்கலாம். பதினோரு நாள் நான் பார்க்கவில்லை.

பதினோரு நாளுக்கு முன்னால் என்ன நடந்தது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்குத்தான் புது ரப்பர் மூடி வந்தது. பழையதில் ஆயிரம் ஊசி குத்தி ஓட்டையாகி, ட்ரிஃப்ட் பன்னிரண்டில் ஆடிக்கொண்டிருந்தது. ரப்பரை மாற்றினேன், காற்றை உலர்த்தும் குழாயில் புது மணிகளைக் கொட்டினேன். அடுத்த இரண்டு மணி நேரத்தில் பன்னிரண்டு, ஒன்பது, ஆறு, நாலு, மூன்று என்று இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மெஷின் அவ்வளவு நன்றாக ஆன நாளிலிருந்து அதன் கணக்குக் குறைவாக வருகிறது என்றால் யார் நம்புவார்கள்?

காலையில் தம்பி அனுப்பிய எண்ணெய் பெரிய கண்ணாடி ஊசியில் இன்னும் மிச்சம் இருந்தது. எப்போதும் இரண்டு கிராம்தான் விடுவேன். நாலு கிராம் விட்டேன். ஒரே எண்ணெய் என்றால் எவ்வளவு விட்டாலும் ஒரே எண்தான் வர வேண்டும், கிராமுக்கு இவ்வளவு என்றுதானே கணக்கு.

15.2.

உட்கார்ந்துவிட்டேன். காலையில் எட்டரை, இப்போது பதினைந்து. ஊசி ஒன்று, எண்ணெய் ஒன்று, கை ஒன்று. மெஷின் எங்கோ ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தண்ணீரைத் திருடுகிறது. பெரிய அளவிலிருந்து திருடினால் தெரிவதில்லை, சின்ன அளவிலிருந்து திருடினால் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஸ்டாண்டர்டில் ஆயிரம் மைக்ரோகிராம் தண்ணீர் இருக்கிறது, அதில் இருபத்தேழு காணாமல் போனால் 97.3, பாஸ். என் எண்ணெயில் நாற்பதோ ஐம்பதோதான் இருக்கிறது.

அலமாரியின் கடைசித் தட்டில் இன்னொரு பெட்டி உண்டு. அந்த ஸ்டாண்டர்டில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான், கிராமுக்கு நூறு மைக்ரோகிராம். யாரும் கேட்பதில்லை, விதியிலும் இல்லை, அதனால் திறப்பதில்லை. பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை ஒடித்தேன். அவசரத்தில் ஒடிந்த கண்ணாடி விரலைக் கொஞ்சம் கீறிவிட்டது. ஊசியைக் கழுவி, எடை போட்டு, குத்தி, மூன்று நிமிஷம் காத்திருந்தேன். நூற்றுக்கு எழுபத்துமூன்று.

நூறில் இருபத்தேழு குறைவு. ஆயிரத்தில் இருபத்தேழு குறைவு. அதே இருபத்தேழு. இருபத்தேழு மைக்ரோகிராம் தண்ணீரை உருட்டினால் ஒரு உப்புத் துகள் அளவுக்கு வரும். உள்ளே எண்ணினால் அது ஒரு கோடியைக் கோடியால் பெருக்கி, இன்னும் ஒன்பதாயிரத்தால் பெருக்கிய அத்தனை மூலக்கூறு. அத்தனையையும் எவனோ ஒருவன் ஒவ்வொரு முறையும் தவறாமல் எடுத்துக்கொண்டு போகிறான். பயத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு பிரமிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இவ்வளவு துல்லியமாகத் திருடுகிறவன் யார்?

மெஷின் துப்பிய சீட்டை எடுத்தேன். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சீட்டு வரும், கிழித்து நோட்டில் ஒட்டுவேன். முதல் வரி தேதி, இரண்டாவது வரி எடை, கடைசி வரி பதில். நடுவில் இருப்பதை யார் படிக்கிறார்கள்? மூன்றாவது வரியைப் படித்தேன்.

ட்ரிஃப்ட் 12.0, கையால் போட்டது.

திரையில் மூன்று. சீட்டில் பன்னிரண்டு.

உடனே எல்லாம் ஞாபகம் வந்தது. ரப்பர் ஓட்டையாகி ட்ரிஃப்ட் ஆடிக்கொண்டிருந்த அந்த வாரம், அது நிலைக்கவில்லை என்று மெஷின் அளக்கவே மறுத்தது. புது ரப்பர் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். எண்ணெய் ஊசிகள் வரிசையாக வந்து குவிந்தன. நான் என்ன செய்தேன், நீயே பார்த்துக் கழித்துக்கொள் என்ற ஏற்பாட்டை மாற்றி, நிமிஷத்துக்குப் பன்னிரண்டு கழி என்று என் கையால் போட்டேன். அந்த வாரம் அது சரிதான், கசிவு பன்னிரண்டாகத்தான் இருந்தது. நோட்டில் 'தற்காலிகம்' என்றும் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு ரப்பரை மாற்றினேன், கசிவு மூன்றாக இறங்கியது, டீ வாங்கிக் கொடுத்தேன். பன்னிரண்டை எடுக்க மறந்துவிட்டேன்.

நிமிஷத்துக்கு ஒன்பது அதிகம், மூன்று நிமிஷம். இருபத்தேழு.

ஒரு சந்தேகமும் மிஞ்சக்கூடாது என்று, ஊசியே குத்தாமல், ஒன்றுமே விடாமல், மெஷினில் தொடங்கு என்று அமுக்கினேன். மூன்று நிமிஷம். காந்தத் துண்டு சுற்றிக்கொண்டே இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் வந்தது. மைனஸ் இருபத்தேழு. ஒன்றுமே இல்லாததற்கும் கீழே இருபத்தேழு தண்ணீர் குறைவு என்று அந்த மெஷின் கூசாமல் சொன்னது. அது சொன்னது எதுவும் பொய்யில்லை. நான் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னது. என் மேல் எனக்கு வந்த கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அளக்க மெஷின் தேவையில்லை.

பன்னிரண்டை எடுத்துவிட்டு, நீயே பார்த்துக்கொள் என்று திரும்ப மாற்றினேன். மறுபடி ஒன்றும் விடாமல் அமுக்கினேன். பூஜ்யம். பிறகு தம்பியின் எண்ணெயை இரண்டு கிராம் விட்டேன். இருபத்திரண்டு. நாலு கிராம் விட்டேன். இருபத்திரண்டு. மணி மூன்று இருபது.

தம்பிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலியோரம் போகும்போது போனை உள்ளே வைத்துவிட்டுத்தான் போவான், அது விதி. விதியை மதிக்கிறவன். இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், சார்ஜ் பண்ணாதீங்க. என் ரிப்போர்ட் தப்பு. எட்டரை இல்ல, இருபத்திரண்டு."



"மேடம், காலைல எட்டரைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. ஸ்டாண்டர்டு பாஸ் ஆயிடுச்சில்ல?"

"ஆச்சு சார். தொண்ணூத்தேழு புள்ளி மூணு."

"அப்புறம் என்ன? பாஸ்னா பாஸ்தானே. ஊரே நம்ம மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. இன்னும் நாப்பது நிமிஷம். இப்போ போய்..."

"ஸ்டாண்டர்டுல தண்ணி நெறைய இருக்கு சார், அதனால தப்பு தெரியல. எண்ணெயில கொஞ்சமா இருக்கு, அதுல பாதிக்கு மேல நான் முழுங்கிட்டேன். மெஷின் மேல தப்பு இல்ல, என் மேலதான். பன்னெண்டுன்னு நான் போட்டு வச்சத எடுக்க மறந்துட்டேன். பதினோரு நாளாச்சு."

"பதினோரு நாளா?"

"ஆமா சார். ஆறு ரிப்போர்ட். எல்லாத்தையும் திருத்தி சாயங்காலத்துக்குள்ள அனுப்புறேன். என்ன வேணா பண்ணுங்க, அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல சுவிட்ச போட வேணாம்னு சொல்லுங்க. என் தம்பி வேலிக்கிட்ட நிக்கிறான்."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அதுவாக வந்துவிட்டது. மேனேஜர் பெருமூச்சு விட்டார். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அவர் யாரிடமோ "நிறுத்து, எல்லாத்தையும் நிறுத்து" என்று கத்துவது கேட்டது. அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பத்து நிமிஷம் கழித்துத் தம்பி கூப்பிட்டான்.

"என்னக்கா, நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"நான்தான்டா சொன்னேன். இருபத்திரண்டு."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சர்டிபிகேட் இருக்கா என்று நான் கேட்டதைத் திருப்பிக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்டால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"அப்போ நுரை சரியாத்தான் சொல்லுச்சு," என்றான். பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்றான்.

இல்லை என்றேன். சாப்பிடச் சொல்லிவிட்டு வடிகட்டும் மெஷினை மறுபடி ஓட்டப் போய்விட்டான்.

அன்று மாலை ஆறு சீட்டுகளையும் எடுத்து உட்கார்ந்தேன். எடையும் நேரமும் அச்சிட்டு இருந்ததால் கூட்டிக்கொள்ள முடிந்தது, ஒவ்வொன்றுக்கும் இருபத்தேழு மைக்ரோகிராம். நாலு பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள், அவற்றுக்கு வரம்பு அதிகம், தப்பித்தன. இரண்டுக்கு மறுபடி எண்ணெய் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதினேன். ஒவ்வொரு கடிதத்திலும் தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு சிறிய ஸ்டாண்டர்டு தினமும் போட வேண்டும் என்று நானே ஒரு விதி எழுதி வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சீட்டின் மூன்றாவது வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுத்தான் நோட்டில் ஒட்ட வேண்டும் என்பது இரண்டாவது விதி.

சனிக்கிழமை காலையில் எண்ணெய் ஊசியைத் தம்பியே எடுத்துக்கொண்டு வந்தான். வழக்கமாக யாரிடமாவது கொடுத்தனுப்புவான். கண் சிவந்து, உடம்பு முழுக்க எண்ணெய் வாடையோடு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"எனக்கும் காட்டு," என்றான்.

அவன் அந்த அறைக்குள் வந்ததே அதுதான் முதல் முறை. பாத்திரத்தைக் குனிந்து பார்த்தான். காந்தம் சுற்றுவதைப் பார்த்தான். திரையில் மூன்று என்று இருப்பதைப் பார்த்தான். மூச்சைத் திரையின்மேல் விட்டுவிட்டு, "என் மூச்சையும் எண்ணுமா?" என்றான். உள்ளே போனால் எண்ணும் என்றேன். ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான்.

முதலில் ஒன்றும் விடாமல் அமுக்கினேன். அந்த மூன்று நிமிஷமும் அவன் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"என்னக்கா காட்டுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணுமே விடல, ஒண்ணுமில்லன்னு சொல்லுது. பதினோரு நாளா இதச் சொல்ல நான் விடல."

அவன் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனைக்கும் வெறும் பூஜ்யம். ஆனால் சுற்றிலும் காற்று, சுவர், எங்கள் இரண்டு பேர் மூச்சு, எல்லாவற்றிலும் தண்ணீர் நிரம்பியிருக்கும் ஓர் அறைக்கு நடுவில் அந்த மெஷின் இங்கே ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்கிறது. அவன் முகத்தில் வந்ததைப் பார்த்தபோது, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

சிறிய ஸ்டாண்டர்டு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை. பிறகு எண்ணெய். இரண்டு கிராமுக்கு 6.8. நாலு கிராமுக்கு 6.9. சீட்டைக் கிழித்து, மூன்றாவது வரியை வட்டமிட்டு, கையெழுத்துப் போட்டேன். மேனேஜருக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நிச்சயமா மேடம்?" முன்பென்றால் எகிறியிருப்பேன். இரண்டு அளவையும், ஸ்டாண்டர்டையும், பூஜ்யத்தையும் வரிசையாகச் சொன்னேன். கடைசி வரை கேட்டுக்கொண்டார்.

மதியம் இரண்டு மணிக்கு சார்ஜ். நானும் சப்-ஸ்டேஷனுக்குப் போனேன், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. எல்லோரும் கன்ட்ரோல் ரூமுக்குள் போனார்கள். நான் தம்பிக்குப் பின்னாலேயே சரளைக் கல்மேல் நடந்து கம்பி வேலிக்குப் போனேன். தலையில் ஹெல்மெட் பொருந்தாமல் ஆடியது.

"நீ இங்க எதுக்கு?" என்றான். "உள்ள போ."

"நீ போனா நானும் போறேன்."

அவன் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு வீடு அளவுக்கு இருந்தது. அதன் உச்சியில் பழுப்பு நிறப் பீங்கான் கொம்புகள் மூன்று எங்கள் தலைக்கு மேல் நின்றன. நான் அளப்பதெல்லாம் இதன் வயிற்றிலிருந்துதான் வருகிறது என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை. எனக்கு அது எப்போதும் இரண்டு கிராம்தான்.

"புதன்கிழமை இங்கதான் நின்னேன்," என்று தம்பி காலடியைக் காட்டினான். "மேல அந்தக் கொம்பு இருக்கு பாரு, அதுக்கு நேரா. மேனேஜர் ஓடி வந்து கைய ஆட்டினப்போ மணி மூணரைகூட ஆகல."

அவன் காட்டிய இடத்தைப் பார்த்தேன். சரளைக் கல்லில் அவன் பூட்ஸ் பதிந்த இரண்டு பள்ளம் இன்னும் கலையாமல் இருந்தது. என் வலது கால் அதில் ஒன்றில் நின்றுகொண்டிருந்தது.

உள்ளே எங்கோ சுவிட்ச் விழுந்த சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது போல இருந்தது, பிறகு அந்த ரீங்காரம் எழுந்தது, தாழ்வாக, ஒரே சீராக. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷம் போகட்டும் என்று என் மெஷினுக்குப் போட்ட கெடுவையே எனக்கும் போட்டுக்கொண்டு, அவன் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.